லேப்டாப், டேப்லெட்டைக் கோணாமல் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் விற்கும் கடைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறை, ஒரு மேஜை, கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல். ஸ்டுடியோ என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். கடைக்காரர்களும், சொந்த லேப்டாப்பை விற்க நினைப்பவர்களும் போனில் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்டவர்களின் வார்த்தைகளை அப்படியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, போனில் எடுத்தால் முன்பக்கம் குண்டாகவும் பின்பக்கம் ஒல்லியாகவும் வருது. போன் கேமரா மட்டமா?

கேமரா மேல் தப்பில்லை. நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள், அதுதான் காரணம்.

14 அங்குல லேப்டாப் ஒன்று ஏறக்குறைய 32 செ.மீ. அகலம், 22 செ.மீ. ஆழம். போனை அதன் முன்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால், ஹிஞ்ச் இருக்கும் பின்விளிம்பு 52 செ.மீ. தள்ளி இருக்கும். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். 52-ஐ 30-ஆல் வகுத்தால் 1.7. அதாவது ஒரே அகலம் உள்ள இரண்டு விளிம்புகளில் முன்விளிம்பு 1.7 மடங்கு அகலமாக விழும். கீபோர்டிலும் இதே கதைதான். ஸ்பேஸ் பார் வரிசை 40 செ.மீ. தூரத்தில், எண் வரிசை 48 செ.மீ. தூரத்தில். கீழ் வரிசையில் ஒரு கீ 19 மி.மீ. என்று தெரிந்தால், மேல் வரிசையில் அதே அளவுக் கீ 16 மி.மீ. என்றுதான் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் பிடிபடாது, ஆனால் கீபோர்டில் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குத் தோன்றும்.

இப்போது 150 செ.மீ. பின்னால் போங்கள். முன்விளிம்பு 150, பின்விளிம்பு 172. வித்தியாசம் 1.15 மடங்குதான். 19 மி.மீ. கீக்கு மேல் வரிசைக் கீ 18 மி.மீ. ஆகத் தெரியும். இது கண்ணுக்குப் பழகிய அளவு.

பின்னால் போனால் லேப்டாப் குட்டியாகிவிடுமே என்பார்கள். அதற்குத்தான் ஜூம். போனில் 3 மடங்கு வைத்தால் ஒன்றரை மீட்டரில் லேப்டாப் படத்தின் அகலத்தில் கிட்டத்தட்ட பாதியை நிரப்பும். மீதியை வெட்டிவிடலாம். 12 மெகாபிக்சல் படத்தில் லேப்டாப்புக்கு மட்டும் 1,800 பிக்சல் அளவில் மிஞ்சும், இணையத்துக்கு அது போதும். 3 மடங்குக்குத் தனி லென்ஸ் இல்லாத போன் என்றால் 2 மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 0.5 என்று இருக்கும் அகல லென்ஸை மட்டும் இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அதில் ஓரத்தில் விழும் கீ எல்லாம் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

கோணலை முடிவு செய்வது தூரம்தான். ஜூம் அந்தத் தூரத்தில் நிற்க வசதி செய்து கொடுக்கிறது, அவ்வளவே. அறை சின்னது என்றால் கதவைத் திறந்து வராந்தாவில் நின்று எடுங்கள். நான் பாதி நாள் அப்படித்தான் எடுக்கிறேன்.

மூடியை எவ்வளவு திறக்கணும்? ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி சாய்ஞ்சு கிடக்கு.

இதில்தான் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. ஒரு தடவை புரிந்துவிட்டால் அப்புறம் யோசிக்கவே தேவையில்லை.

திரை படத்தில் ஒழுங்கான செவ்வகமாக விழ வேண்டும் என்றால், கேமராவின் முகமும் திரையின் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மூடியை 110 டிகிரி திறந்தால் திரை நேர்நிலையிலிருந்து 20 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். அப்படியானால் கேமரா 20 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் திரையின் இடது ஓரமும் வலது ஓரமும் இணையாக நிற்கும். ஒத்துப்போகவில்லை என்றால் திரை மேலே விரிந்தோ குறுகியோ போகும். ஹிஞ்ச் வளைந்திருக்கிறதோ என்ற சந்தேகம் வாங்குபவருக்கு வருவது அந்தக் கோணலால்தான்.

போன வாரம் எடுத்த ஒன்றைச் சொல்கிறேன். 14 அங்குலம், 110 டிகிரி. லென்ஸிலிருந்து திரையின் நடுவுக்கு 150 செ.மீ. வைத்தேன். 20 டிகிரி சாய்வுக்கு லென்ஸ், திரையின் நடுவைவிட 51 செ.மீ. மேலே இருக்க வேண்டும். திரையின் நடு மேஜையிலிருந்து 11 செ.மீ. உயரம். ஆக லென்ஸ் மேஜைக்கு மேலே 62 செ.மீ. தரையில் கிடைமட்டமாக அளந்தால் 141 செ.மீ. தள்ளி ட்ரைபாட். டேப் வைத்து ஒரு முறை அளந்து தரையில் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டேன். இனி அடுத்த 14 அங்குலம் வந்தாலும் ட்ரைபாட் அதே இடம்தான்.

சாய்வை அளக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து, போனைத் திரைமேல் மெதுவாகச் சாய்த்து வைத்தால் டிகிரி காட்டும். கேமராவின் பின்பக்கத்திலும் அதே மாதிரி வைத்துப் பாருங்கள்.

105-லிருந்து 115 வரை எதுவும் சரி. 90 வைத்தால் கேமரா மேஜை மட்டத்துக்கு இறங்க வேண்டும், கீபோர்டே தெரியாது. 130 வைத்தால் கீபோர்டு அழகாகத் தெரியும், ஆனால் மூடி மல்லாந்து விழப்போகிற மாதிரி இருக்கும்.

பழைய லேப்டாப்பில் இன்னொரு தொல்லை: ஹிஞ்ச் தளர்ந்திருக்கும், வைத்த கோணத்தில் நிற்காது. நான் மூடிக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், ஒரு சின்ன அட்டைப்பெட்டியை முட்டுக்கொடுத்து வைப்பேன். படத்துக்கு மட்டும்தான் முட்டு. ஹிஞ்ச் தளர்ச்சி என்பதை விவரத்தில் எழுதச் சொல்லிவிடுவேன்.

திரையை அணைச்சு எடுத்தா நானே அதில் தெரியறேன். போட்டு எடுத்தா வெள்ளை வெளேர்னு வெடிக்குது. எது சரி?

இரண்டும் வேண்டும், ஆனால் தனித்தனிப் படமாக.

அணைந்த பளபளப்புத் திரை ஒரு கண்ணாடி. மேலே சொன்னபடி கேமராவைத் திரைக்கு நேரே வைத்தால் கேமராவும் நீங்களும் சரியாக நடுவில் தெரிவீர்கள். அதற்காகக் கேமராவை ஓரமாக நகர்த்தினால் திரை மறுபடி கோணும். எனவே முதல் படம்: ஜன்னல் வெளிச்சத்தில், திரை கறுப்பாக. இதில் கீபோர்டு, ஹிஞ்ச், விளிம்பு எல்லாம் நன்றாக விழும். திரையில் உங்கள் நிழல் தெரிந்தால் கவலை இல்லை. இரண்டாவது படம்: ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து, திரையில் வெறும் சாம்பல் நிறம் மட்டும் எரிய. இருட்டில் நீங்கள் தெரிய மாட்டீர்கள். அப்புறம் எடிட்டிங்கில் இரண்டாவதிலிருந்து திரையை மட்டும் நான்கு மூலையிலும் புள்ளி வைத்து வெட்டி முதல் படத்தின் மேல் வைப்பது. கேமரா நகரவே இல்லை என்பதால் அச்சாகப் பொருந்தும்.

நகரக் கூடாது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். இரண்டு படத்துக்கும் நடுவில் திரையைப் போட ஒரு கீயைத் தட்டினால் போதும், தளர்ந்த மூடி இரண்டு மி.மீ. ஆடிவிடும். அதனால் தொடாமலே மாறுகிற மாதிரி ஒரு சின்னப் பக்கம் வைத்திருக்கிறேன். நோட்பேடில் ஒட்டி `blank.html` என்று சேமித்து, பிரவுசரில் திறந்து `F11` அழுத்துங்கள்:

```html
<body style="margin:0;background:#000;cursor:none">
<script>
setTimeout(() => document.body.style.background = "#d0d3d8", 60000)
</script>
```

முதல் ஒரு நிமிடம் திரை கறுப்பு. அதற்குள் முதல் படத்தை எடுத்துவிடுங்கள். நிமிடம் முடிந்ததும் தானாகச் சாம்பலாகும். அதற்குள் ஜன்னலை மூடிவிட்டு, சாம்பலானதும் இரண்டாவதை எடுப்பது. நேரம் போதவில்லை என்றால் `60000` என்பதை `120000` ஆக்கினால் இரண்டு நிமிடம். ஷட்டரையும் விரலால் அழுத்த வேண்டாம், 3 விநாடி டைமர் வையுங்கள்.

சுத்த வெள்ளை ஏன் வேண்டாம் என்றால், பின்னணியும் வெள்ளை, திரையும் வெள்ளை என்றால் லேப்டாப்பில் ஜன்னல் வெட்டியது போல ஓட்டை தெரியும். கொஞ்சம் மங்கிய சாம்பல்தான் திரை என்று கண்ணுக்குப் படும். எடுக்கும் முன் திரையின் நைட் லைட், தானாக வெளிச்சம் மாறும் வசதி இரண்டையும் அணையுங்கள். இல்லையென்றால் அந்தச் சாம்பல் பழுப்பாக வரும்.

திரையில் கோடு கோடா வருதே?

இரண்டு வகைக் கோடு உண்டு, வைத்தியம் வேறு வேறு.

அகலமான இருண்ட பட்டைகள் என்றால் மினுக்கல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/25 விநாடியில் வைத்தால் முழுச் சுற்றுகள் அடங்கிப் பட்டை மறையும். விளக்கை அணைத்த பிறகும் பட்டை இருந்தால் திரையின் பின்வெளிச்சமே மினுங்குகிறது. சில திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரியும். அப்போது திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டு ஷட்டரை இன்னும் மெதுவாக்குங்கள்.

மெல்லிய, வானவில் மாதிரி அலையலையான கோடு என்றால் அது வேறு. திரையின் பிக்சல் கட்டமும் கேமரா சென்சாரின் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் வருவது. கேமராவைப் பத்து செ.மீ. முன்பின் நகர்த்தினால் அலை உருமாறும், ஷட்டரை மாற்றினால் மாறாது. அதை வைத்தே எந்த வகை என்று கண்டுபிடித்துவிடலாம். வெற்றுத் திரை என்பதால் இதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெட்டி ஒட்டிய திரைப் பகுதியை மட்டும் லேசாக மங்கலாக்கினால் போய்விடும். உள்ளே எழுத்தோ படமோ இருந்தால்தான் கஷ்டம்.

பக்கவாட்டில் இருக்கிற போர்ட் எல்லாம் உருகின பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. எது யூஎஸ்பி எது எச்டிஎம்ஐன்னே தெரியல.

அங்கே பிக்சலே இல்லை, அதனால்தான்.

சாய்வாக வைத்து எடுக்கும் முக்கால் பார்வைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1,600 பிக்சல் அகலப் படத்தில் லேப்டாப்பின் ஒரு மி.மீ.க்கு ஏறக்குறைய 3 பிக்சல் கிடைக்கும். டைப்-சி போர்ட்டின் வாய் 8 மி.மீ.க்குச் சற்று மேல் அகலம், இரண்டரை மி.மீ. உயரம். பக்கவாட்டு விளிம்பு சாய்ந்து பாதியாகச் சுருங்கியிருப்பதால் அந்த முழுப் போர்ட்டுக்கும் 12 பிக்சல் அகலம், 8 பிக்சல் உயரம். இதற்குள் வட்ட ஓரம், நடுவில் இருக்கும் நாக்கு, உள் நிழல் எல்லாம் அடங்க வேண்டும். அதன்மேல் போன் தன் பங்குக்குக் கூர்மையேற்றும், வாட்ஸ்அப் தன் பங்குக்கு நசுக்கும். கடைசியில் மிஞ்சுவது ஒரு கறுப்பு நத்தை.

எனவே முக்கால் பார்வைப் படத்தில் போர்ட்டைக் காட்ட முயலாதீர்கள். அதற்கென்று பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படம் தனியே எடுங்கள். லேப்டாப்பை மூடி வையுங்கள். லென்ஸ் சரியாகப் போர்ட் இருக்கும் உயரத்தில், விளிம்புக்கு நேர்செங்குத்தாக, ஒரு மீட்டர் தள்ளி. மேஜை உயரமாக இல்லை என்றால் லேப்டாப்புக்கு அடியில் இரண்டு புத்தகம் வையுங்கள், நீங்கள் குனிந்து முதுகை உடைக்க வேண்டாம். வெளிச்சம் மேலிருந்து மட்டும் வந்தால் போர்ட்டின் உள்ளே கும்மிருட்டாக இருக்கும். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் உள்ளே இருக்கும் நாக்கு வரை தெரியும். உள்ளே தூசியும் தெரியும், அதையும் முதலில் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: ஹெட்போன் ஓட்டை. அது வட்டம். படத்தில் முட்டை வடிவமாக இருந்தால் கேமரா நேராக இல்லை, அல்லது எடிட்டிங்கில் யாரோ இழுத்திருக்கிறார்கள்.

போர்ட்ரெய்ட் மோட் கண்டிப்பாக வேண்டாம். பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று போன் விளிம்பை ஊகித்து வெட்டும்போது போர்ட்டின் ஓரத்தையும் ஹிஞ்ச் இடுக்கையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் இதேதான். புள்ளிகளை வழிக்கிறேன் என்று கீயின் எழுத்தையும் வழித்துவிடும். ட்ரைபாடில் வைத்து ஐஎஸ்ஓ 100-க்குள் எடுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

பின்னணியை ஆப்பில் நீக்கினேன். திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கு காணோம்!

ஹிஞ்ச் பக்கத்தில் திரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சந்து இருக்கும், அதன் வழியே பின்னணி தெரியும். தானாக வெட்டும் ஆப் அதைச் சாமானின் பகுதி என்று நினைத்து நிரப்பிவிடும், இல்லையென்றால் ஹிஞ்ச்சின் ஒரு முனையையும் சேர்த்துத் தின்றுவிடும். இரண்டிலும் மூடி அடிப்பாகத்தோடு ஒட்டிக்கொண்டது மாதிரி ஆகும்.

வெள்ளி நிற லேப்டாப்பை வெள்ளைப் பின்னணியில் எடுத்தால் இது நிச்சயம் நடக்கும், ஆப்புக்கு ஓரமே தெரியாது. எடுக்கும்போதே இரண்டு பக்கமும், படத்துக்குச் சற்று வெளியே, நீளமான கறுப்பு அட்டையை நிறுத்தி வையுங்கள். உலோக விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு விழும். அட்டையெல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும். கறுப்பு லேப்டாப்புக்கு இதையே தலைகீழாக, வெள்ளை அட்டையால் செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் ஹிஞ்ச் பகுதியை மட்டும் பென் டூலால் கையில் வெட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. அமேசான் மாதிரித் தளங்களுக்கு முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, 255, 255, 255 என்று இருக்க வேண்டும், சாமான் படத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். அதற்காக வெட்டித்தான் ஆக வேண்டும். மற்ற இடங்களில் விற்பவர்கள் வெட்டாமலே ஒரு வெளிர் சாம்பல் அட்டைமேல் வைத்து எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

கோணலா வந்த படத்தை எடிட்டிங்கில் நிமிர்த்தக் கூடாதா?

இரண்டு மூன்று டிகிரி என்றால் சரி. அதற்கு மேல் நிமிர்த்தினால் திரை நேராகும், ஆனால் கீபோர்டு இழுபடும், ஏனென்றால் திரையும் கீபோர்டும் ஒரே தளத்தில் இல்லை. ஒன்றை நிமிர்த்தினால் மற்றது கோணும்.

நிமிர்த்திய பிறகு அளந்து பாருங்கள். 16:9 திரை என்றால் எரியும் பகுதியின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.78 வர வேண்டும். 1,240 பிக்சல் அகலம் என்றால் உயரம் 697 பக்கம். ஒருவர் அனுப்பிய படத்தில் அது 780 இருந்தது. 16:9 லேப்டாப் ஏறக்குறைய 16:10 ஆகிவிட்டது, வாங்குபவர் வேறு மாடல் என்று நினைக்கலாம்.

டேப்லெட்டுக்கும் இதேதானா?

ஹிஞ்ச் இல்லாததால் சுலபம். மேஜையில் படுக்க வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். ஆனால் மேலே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். என் முதல் டேப்லெட் படத்தில் சீலிங் ஃபேனின் மூன்று இறக்கையும் அழகாக விழுந்திருந்தன. இப்போது ட்ரைபாடுக்கு மேலே கறுப்புத் துணி கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விடுகிறேன். ஃபேனையும் நிறுத்துவேன், வேர்த்தாலும் பரவாயில்லை.

வெளிச்சத்துக்கு என்ன லைட் வாங்கலாம்?

முதலில் எதுவும் வாங்காதீர்கள். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் என் ஜன்னலில் அது போதும். வேட்டி மடிப்புக் கோடு பளபளப்பான மூடியில் தெரியும், அதனால் இஸ்திரி போட்டது வேண்டும்.

ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த உடனே படம் மங்கலா இருக்கே?

சில்லென்ற உலோகத்தில் நம் ஊர் ஈரக்காற்று பனியாகப் படிகிறது. துடைத்தால் கோடு விழும். அரை மணி நேரம் அணைத்த நிலையிலேயே பையில் விட்டுப் பிறகு எடுங்கள்.

கம்பெனி இணையதளத்தில் இருக்கிற படத்தையே போட்டா என்ன?

உங்கள் கையில் இருக்கும் லேப்டாப் அது இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இயந்திரங்கள் சிலவற்றில் கீபோர்டு அமைப்பே வேறு. என்டர் கீ கிடைமட்டமாக இருப்பது அமெரிக்க அமைப்பு, தலைகீழ் எல் வடிவில் இரண்டு வரிசைக்கு நீண்டிருப்பது பிரிட்டிஷ் அமைப்பு. தளத்துப் படத்தில் ஒன்று, பெட்டியைத் திறந்தால் இன்னொன்று என்று ஒரு கடைக்கு இரண்டு லேப்டாப் திரும்பி வந்தது. அதிலிருந்து அவர் என்டர் கீயை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்கிறார்.